டீயா காப்பியா? டீ, காப்பி ஏதாவது வேணுமா?

"டூ யூ வான்ட் டீ ஆர் காஃபி?" என்று ஆங்கிலத்தில் ஒருவர் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் அதை எந்த ராகத்தில் கேட்டார் என்பதைப் பொறுத்தது. 'டீ' என்ற இடத்தில் குரல் ஏறி, 'காஃபி'யில் இறங்கி முடிந்தால், இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறார். ஏதோ ஒன்று குடிக்கப்போகிறோம் என்பதை அவர் முடிவு செய்துவிட்டார். அதையே ஒரே இழுப்பாகக் கடைசிவரை ஏற்றிக்கொண்டே போய் நிறுத்தினால் அர்த்தம் வேறு. குடிக்க ஏதாவது வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிறார். "வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்" என்று சொன்னால் முழுப் பதில்.

சொற்கள் மாறவில்லை, சொற்களின் வரிசையும் மாறவில்லை. இரண்டு கேள்விகளையும் பிரித்துக் காட்டுவது குரல் மட்டும்தான். காகிதத்தில் அந்தக் குரல் இல்லை. இரண்டுக்கும் கடைசியில் ஒரே கேள்விக்குறிதான்.

தமிழில் இப்படி மறைத்துக் கேட்கவே முடியாது. ஒன்று, "டீயா, காப்பியா?" என்று கேட்க வேண்டும். அல்லது "டீ, காப்பி ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்வியில் வினா எழுத்தாகிய 'ஆ' ஒவ்வொரு பொருளின் மேலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதில் அது வினைச்சொல்லின் மேல் ஒரே ஒரு முறை வருகிறது. 'ஆ' எத்தனை முறை வருகிறது, எதன் மேல் வருகிறது என்பதை வைத்தே கேட்பவர் எதிர்பார்க்கும் பதில் தெரிந்துவிடும். முதலாவதற்கு "ஆமாம்" என்று பதில் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாவதற்கு அதுவே சரியான பதில்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவருக்குச் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. மூலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. அவர் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கத் தயங்குகிறவர் 'ஆர்' என்ற சொல்லுக்கு அகராதியில் இருக்கும் 'அல்லது' என்பதைப் போட்டு, வாக்கியத்தின் கடைசியில் ஓர் 'ஆ'வைச் சேர்த்துவிடுகிறார்: "உங்களுக்குத் தேநீர் அல்லது காப்பி வேண்டுமா?" இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் இது நடுநிலையான வாக்கியமும் இல்லை. 'ஆ' ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் 'வேண்டும்' என்பதோடு சேர்ந்திருக்கிறது. எனவே தமிழ்க் காது இதை ஆம்–இல்லை கேள்வியாகத்தான் கேட்கும். "வேண்டும்" என்று பதில் வரும், "எது?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்கும்.

இதைவிட மோசமானது படிவங்களில் அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு வடிவம்: "உங்கள் வீடு சொந்தம் அல்லது வாடகையா?" இதைத் தமிழ் பேசும் யாரும் பேசிக் கேட்டிருக்க முடியாது. தேர்வுக் கேள்வி என்று முடிவு செய்துவிட்டால், முதல் சொல்லுக்கும் 'ஆ' உண்டு, இரண்டாவதற்கும் உண்டு. "சொந்த வீடா, வாடகை வீடா?" 'அல்லது' என்பதை இடையில் போட்டாலும் சரி, விட்டாலும் சரி, பேச்சில் போல 'இல்ல' என்று போட்டாலும் சரி. ஆனால் 'ஆ'வை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் விட முடியாது. முதல் சொல்லில் அதை விட்டுவிட்டால், "உங்கள் வீடு சொந்தம்" என்று ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, நடுவழியில் கேள்வியாக மாற்றியது போல இருக்கும்.

நம் இலக்கணக்காரர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வழியில் வினா ஆறு வகை என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் ஐயவினாவுக்கு ஆசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு, இருட்டில் கிடப்பது பாம்பா, கயிறா என்பது. அது இரண்டு 'ஆ' உள்ள கேள்வி. அங்கே ஏதோ ஒன்று கிடக்கிறது என்பதில் கேட்பவருக்குச் சந்தேகம் இல்லை, எது என்பதில்தான் சந்தேகம். கொடுப்பதற்காகக் கேட்பது கொடைவினா என்று தனியே ஒரு வகை. "டீ, காப்பி ஏதாவது சாப்பிடறீங்களா?" என்பது அந்தப் பக்கம் சேரும். அதே நூல் சொல்லும் எட்டு வகை விடைகளில் இனமொழி விடை என்று ஒன்று உண்டு. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல், அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. டீ, காப்பி வேண்டுமா என்றதற்கு "மோர் இருந்தா குடுங்க" என்பது அசல் இனமொழி விடை.

இது டீக்கடையோடு நிற்கிற விஷயமாக இருந்தால் இவ்வளவு தூரம் எழுதத் தேவையில்லை. மருத்துவமனைப் படிவத்தில் இது வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கில மூலம்: "டூ யூ ஹேவ் டயபடீஸ் ஆர் ஹை பிளட் பிரஷர்?" மொழிபெயர்ப்பாளர் படிவத்தில் "உங்களுக்கு நீரிழிவு நோய் அல்லது உயர் இரத்த அழுத்தம் உள்ளதா?" என்று எழுதிவிடுகிறார். எழுத்தில் அது தப்பிக்கும். ஆனால் படிவத்தை யாரும் அப்படியே வாசிப்பதில்லை. செவிலியர் அதைப் பார்த்துக்கொண்டே பேச்சுத் தமிழில் கேட்கிறார். 'அல்லது' பேச்சில் வராத சொல். எனவே அவர் வாயில் அது இப்படி மாறுகிறது:

"உங்களுக்கு சர்க்கரையா, பிரஷராம்மா?"

"பிரஷருக்குத்தாம்மா மாத்திரை சாப்பிடறேன்."

அந்த அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கலாம். அவரிடம் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள், அவர் ஒன்றைச் சொன்னார். அவர் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டும் இல்லாத ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால், அவர் ஒரு கணம் திகைத்துவிட்டுத்தான் "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்பார். அந்தத் திகைப்பே கேள்வி தவறு என்பதற்கு அடையாளம்.

இதைத் தவிர்க்க, எழுத உட்காரும் முன் மொழிபெயர்ப்பாளர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இரண்டும் இல்லை என்று ஒருவர் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது தேர்வுக் கேள்வி அல்ல. பொருள்களின் மேல் 'ஆ' வரக் கூடாது. சர்க்கரை இல்லாமலும் இரத்த அழுத்தம் இல்லாமலும் ஒருவர் இருக்க முடியும். அதனால் "சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருக்கா?" என்பதே வழி. எழுத்து நடையில், "நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளதா?" என்று எழுதலாம். 'ஏதாவது', 'ஏதேனும்' என்ற சொல்தான் இங்கே பெரிய வேலை செய்கிறது. ஒன்று இருந்தாலும், இரண்டும் இருந்தாலும் "ஆமாம்" என்று சொல்ல அது இடம் கொடுக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் "இல்லை" என்று சொல்லவும் இடம் கொடுக்கிறது. இந்த வாக்கியத்தைச் செவிலியர் தன் பேச்சுக்கு மாற்றினாலும் 'ஏதாவது' உதிர்ந்துபோகாது.

வீட்டுக் கேள்வியில் அதே சோதனையைப் போட்டுப் பாருங்கள். சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை என்பது கேட்பவர் மனத்தில் இல்லை. எனவே இரண்டு 'ஆ'. ஆனால் ஒத்திக்கு இருப்பவர்களும், கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவர்களும் நம் ஊரில் உண்டு. "சொந்தமா, வாடகையா, வேறு ஏதாவதா?" என்று மூன்றாவது கதவையும் திறந்து வைப்பது நல்லது. மூலத்தில் விடைக்கான கட்டங்கள் எத்தனை என்று பார்த்தால் இது எளிதில் தெரியும். கேள்விக்குக் கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம் இருந்தால் ஒற்றை 'ஆ'. 'சொந்தம்', 'வாடகை' என்று கட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 'ஆ'. கேள்வியை மட்டும் தனியாக நறுக்கி, விடைக் கட்டங்களைக் காட்டாமல் மொழிபெயர்க்கக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படி வந்தால் மொழிபெயர்ப்பாளர் கட்டங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

சர்க்கரையும் பிரஷரும் ஒரே கேள்வியில் இருப்பதே மூலப் படிவத்தின் குறை என்பதையும் சொல்ல வேண்டும். "ஆம்" என்று பதில் வந்தால் எது என்று தெரியாது. தமிழில் இரண்டு வரியாகப் பிரித்து, "சர்க்கரை இருக்கா? பிரஷர் இருக்கா?" என்று கேட்டுவிட்டால் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் கேள்விகளைப் பிரிக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு எப்போதும் கிடைப்பதில்லை. படிவத்தை உருவாக்கியவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கேட்பதுதான் அவரால் முடிந்தது. அதையாவது செய்ய வேண்டும்.

இந்தத் தவறு ஏன் பிடிபடாமல் போகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆய்வு நிறுவனங்கள் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, தமிழாக்கத்தை வேறொருவரிடம் கொடுத்து மறுபடியும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிடுவார்கள். மற்ற பல பிழைகள் இதில் சிக்கும். இது சிக்காது. "சர்க்கரையா, பிரஷரா?" என்பதும் "சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருக்கா?" என்பதும் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது ஒரே 'ஆர்' ஆகிவிடும். ஒப்பிடுபவர் மூலத்தோடு பொருந்துகிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நாலைந்து பேரிடம் கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பார்ப்பது. தேர்வை எதிர்பார்த்த இடத்தில் "ஆமாம்" வந்தாலோ, ஆம்–இல்லை எதிர்பார்த்த இடத்தில் ஒரு நோயின் பெயர் வந்தாலோ, 'ஆ' இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நீதிமன்றத்தில் இதே சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. அவர் உன்னை அடித்தாரா, தள்ளினாரா என்று சாட்சியிடம் கேட்டால், இரண்டில் ஒன்று நடந்தது என்பதைக் கேள்வியே ஏற்றுக்கொண்டுவிட்டது. "அடிக்கவோ தள்ளவோ செய்தாரா?" என்று கேட்டால் அப்படி இல்லை. எதுவும் நடக்கவில்லை என்று சாட்சி சொல்ல வழி இருக்கிறது. நேரில் நின்று வாய்மொழியாக மொழிபெயர்ப்பவருக்கு வழக்கறிஞரின் குரல் ஏறியதா, இறங்கியதா என்று காது சொல்லிவிடும். தட்டச்சு செய்த வாக்குமூலத்தைப் பிறகு மொழிபெயர்ப்பவருக்கு அந்தக் காது இல்லை. அவர் சாட்சியின் பதிலைப் பார்த்துத்தான் கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வரியில் "இல்லை" என்று இருந்தால் கேட்கப்பட்டது ஒற்றை 'ஆ' கேள்வியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மேலே 'அடிக்கவோ தள்ளவோ' என்று எழுதியதில் 'ஓ' வந்ததைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் இந்த 'ஓ' இன்றைய பேச்சில் கேள்வி கேட்பதற்கு அதிகம் பயன்படுவதில்லை. எதுவானாலும் சரி என்ற பொருளைத்தான் அது தருகிறது. "டீயோ காப்பியோ, ஏதாவது ஒண்ணு குடுங்க" என்றால் தேர்வை உங்களிடமே விட்டுவிட்டார் என்று அர்த்தம். தெளிவில்லாமையையும் அது காட்டும்: "டீயோ காப்பியோ, என்னமோ குடிச்சிட்டுப் போனாரு." குரல் ஏறாது, இழுத்துத் தணியும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் 'ஓ' முழு வினா எழுத்து. "வாறியளோ?" என்றால் வருகிறீர்களா என்று பொருள். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்பது வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி. "தேத்தண்ணியோ, கோப்பியோ?" என்று குரலை ஏற்றிக் கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறார்கள். மதுரைக்காரர் காதில் இது, எதுவோ ஒன்று என்று சொல்லி வாக்கியத்தை முடிக்காமல் விட்டது போல விழும். ஈழத்து நாவலையோ திரைப்படத்தையோ ஆங்கிலமாக்கும் தமிழ்நாட்டவர் இந்த 'ஓ'வை நம் பக்கத்து 'ஓ' என்று எடுத்துக்கொண்டால், பாத்திரம் கேட்ட நேரடியான கேள்வி, தடுமாற்றமாக மாறிவிடும். பல நாடுகளில் தமிழ் மொழிபெயர்ப்புச் சேவையை நாடுபவர்களில் ஈழத் தமிழர்கள் ஏராளம் என்பதால், படிவத்தைத் தயாரிப்பவர்கள் யாருக்கு என்று கேட்டுக்கொண்டு எழுதுவது அவசியம்.

அப்படியென்றால் தமிழில் குரலுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எந்த வகைக் கேள்வி என்பதை 'ஆ' சொல்லிவிடுவதால், குரல் அதைவிட நுட்பமான இன்னொன்றைச் சொல்கிறது. "டீயா, காப்பியா?" என்று கேட்கும்போது முதல் 'ஆ'வில் ஏறி, இரண்டாவது 'ஆ'வில் அமர்ந்து முடிந்தால் பட்டியல் அவ்வளவுதான். இரண்டு 'ஆ'விலும் ஏறி, கடைசியது அந்தரத்தில் நின்றால், பட்டியல் முடியவில்லை. பால் வேண்டும் என்றாலும் கிடைக்கும். பரபரப்பான கடையில் 'ஆ'வையும் விட்டுவிட்டு "டீ? காப்பி?" என்று குரலால் மட்டுமே கேட்பவர்களும் உண்டு. நேரில் அது போதும். எழுதும்போது அந்த 'ஆ'வைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் கேள்வி கடையின் விலைப்பட்டியல் போல ஆகிவிடும். முடியாத பட்டியலை எழுத்தில் காட்ட, "டீயா, காப்பியா, என்ன சாப்பிடறீங்க?" என்று ஒரு பொதுக் கேள்வியை இறுதியில் சேர்ப்பது தமிழுக்கு இயல்பு.

மொழிபெயர்ப்பாளர்களை அதிகம் சறுக்க வைக்கும் இன்னொரு இடம், 'ஆர் நாட்' என்று முடியும் ஆங்கிலக் கேள்வி. ஆங்கிலத்தில் எல்லா வினைக்கும் அது ஒன்றே. தமிழில் 'இல்லையா' என்பதை எல்லா இடத்திலும் ஒட்ட முடியாது. நடந்ததைக் கேட்டால் "வந்தாரா, இல்லையா?" இனி நடக்கப்போவதைக் கேட்டால் "வருவாரா, மாட்டாரா?" விருப்பத்தையோ அனுமதியையோ கேட்டால் "வரட்டுமா, வேண்டாமா?" ஒவ்வொரு வினைக்கும் அதற்கு உரிய எதிர்மறைதான் ஜோடியாக நிற்க வேண்டும். "வருவார் அல்லது இல்லையா?" என்று எழுதப்பட்டதைப் பார்த்தால், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று விசாரிக்கவே வேண்டியதில்லை.

ஆங்கிலம் மட்டும்தான் இப்படி என்றில்லை, தமிழ் மட்டும்தான் இப்படிப் பிரிக்கிறது என்றும் இல்லை. சீனத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்கு 'ஹாய்ஷி', மற்ற இடங்களில் 'ஹுவோசெ' என்று இரண்டு தனிச் சொற்கள். பின்லாந்து மொழியிலும் அப்படியே, கேள்வியில் தேர்வுக்கு 'வை', மற்றதற்கு 'தை'. அந்த மொழிகளுக்கு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவரும் நம்மைப் போலவே நின்று யோசித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

எதிர்த்திசையில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது, நம்மிடம் தெளிவாக இருந்தது அங்கே கலங்கிவிடுகிறது. திரைப்படத்துக்கு ஆங்கில வசனவரி எழுதுபவருக்கு நடிகரின் தமிழ்க் குரல் பின்னால் ஒலித்தாலும், வாசிப்பவருக்கு அந்த 'ஆ' புரியாது. "டீயா, காப்பியா?" என்பதை "வாட் வில் யூ ஹேவ், டீ ஆர் காஃபி?" என்று மாற்றினால் தேர்வு நிற்கும். "டீ, காப்பி ஏதாவது?" என்பதை "எனி டீ ஆர் காஃபி?" என்று 'எனி' சேர்த்து எழுதினால் உபசாரம் நிற்கும். வெறும் 'டீ ஆர் காஃபி' என்று எழுதி விடும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மருத்துவமனை, வங்கி, கணக்கெடுப்பு என்று மக்கள் கையில் போகும் எந்தப் படிவத்தையும் தமிழாக்கத் தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேள்வியோடு விடைக் கட்டங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அச்சுக்குப் போகும் முன், படிவம் யாருக்கோ அவர்களில் சிலரிடம் அதை உரக்க வாசித்துக் காட்டி, என்ன பதில் வருகிறது என்று கேளுங்கள்.